ஆபீஸ் டிக்ளரேஷன்ல "வேறு தொழில் உண்டா?"ன்னு கேக்கறாங்க. புடவை பேஜ் வச்சிருக்கேன், என்ன போடறது?

சுங்குடிப்பிரியை (திங்கள், இரவு 10:40)

எல்லாருக்கும் வணக்கம். ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் எட்டு வருஷமா இருக்கேன், டெஸ்டிங் லீட். போன தை மாசம் இன்ஸ்டாகிராம்ல சுங்குடிப் புடவைக்கு ஒரு பேஜ் ஆரம்பிச்சேன். மதுரையிலும் சின்னாளப்பட்டியிலும் நேரா வாங்கி விக்கிறேன். 750 ரூபாய்க்கு வாங்கினா 1,050க்குப் போகும். மாசம் முப்பது புடவை வரைக்கும் ஓடுது. கூரியர், கவர், திரும்பி வர்ற பீஸ் எல்லாம் கழிச்சா ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கும்.

இப்ப வருஷாந்திர நடத்தை விதி டிக்ளரேஷன் வந்திருக்கு. அதில் ஒரு கேள்வி: "உங்களுக்கு வெளியில் தொழில் ஏதும் உண்டா?" ஆம், இல்லை, ரெண்டே கட்டம். போன வருஷம் "இல்லை" போட்டேன், அப்ப உண்மையிலேயே இல்லை. இந்தத் தடவை "ஆம்" போட்டா வேலைக்கே உலை வச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயம். "இல்லை" போட்டா பொய். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

இன்னொண்ணு, நேரமே இல்லை. லஞ்ச் டைம்ல பாதி "விலை எவ்ளோ"க்குப் பதில் போட்டே போயிடுது.

கோடிங்காளை (திங்கள், இரவு 11:05)

பயப்படாதீங்க அக்கா. "இல்லை"ன்னு போட்டுட்டுப் போங்க. மூன்லைட்டிங் பண்றவங்க மாட்டுறதே பி.எஃப்.ல தான். ஒரே யு.ஏ.என்.ல ஒரே மாசத்துக்கு ரெண்டு கம்பெனி பணம் கட்டினா தெரிஞ்சிடும். உங்களுக்கு ரெண்டாவது கம்பெனியே கிடையாது, யாரு கண்டுபிடிப்பா?

அப்புறம் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தொழில் பண்ணக்கூடாதுன்னு எவன் எழுதி வாங்கினாலும் அது செல்லாது. கோர்ட்டே சொல்லியிருக்கு.

முன்னாள்எச்ஆர் (செவ்வாய், காலை 6:50)

தம்பி சொன்னதில் பி.எஃப். விஷயம் சரி. 27ஆம் பிரிவு பாதி சரி. மீதிப் பாதியை நம்பித்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

அந்தப் பிரிவு கைகொடுப்பது வேலையை விட்ட பிறகு. "எங்களை விட்டுப் போனபின் இரண்டு வருஷம் இந்தத் தொழில் செய்யாதே" என்று எழுதி வாங்கினால் அது பொதுவாக நிற்காது. சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் காலத்துக்கு "எங்களுக்கு மட்டும்தான் உழைக்க வேண்டும்" என்று போடும் நிபந்தனை வேறு. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே, செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில், சொல்லிவிட்டது. சகோதரி இப்போது இருப்பது இரண்டாவது வகையில்.

பன்னிரண்டு வருஷம் இந்தப் படிவங்களை வாங்கி அடுக்கியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். புடவை விற்றதற்காக ஒருவரை நான் அனுப்பியதில்லை. "இல்லை" என்று கையெழுத்துப் போட்டதற்காக அனுப்பியிருக்கிறேன். தொழில் செய்வதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். பொய் டிக்ளரேஷன் என்று ஆகிவிட்டால் பேச ஒன்றுமில்லை, கோப்பில் உங்கள் கையெழுத்தே சாட்சி.

கண்டுபிடிக்க ஆள் வைத்துத் தேட வேண்டியதும் இல்லை. என் காலத்தில் வந்த புகார்களில் பெரும்பாலானவை பக்கத்து இருக்கையிலிருந்து வந்தவை. அப்ரைசல் முடிந்த வாரத்தில் கூடுதலாக வரும்.

ஒரு கேள்வி. ஆபீஸில் யாருக்காவது விற்றிருக்கிறீர்களா?

சுங்குடிப்பிரியை (செவ்வாய், காலை 8:15)

ஆமா சார். தீபாவளிக்கு டீம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டேன். ஆறு பேர் வாங்கினாங்க. அதில் ரெண்டு பொண்ணுங்க என் டீம், எனக்குத்தான் ரிப்போர்ட் பண்றாங்க. எல்லாரும் ஆசையாத்தான் வாங்கினாங்க, கட்டாயம் எதுவும் இல்லை.

முன்னாள்எச்ஆர் (செவ்வாய், காலை 9:02)

பேஜைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பெண்களின் ரேட்டிங் உங்கள் கையில். ஆசையாக வாங்கினார்களா, "அக்கா காட்டுகிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது" என்று வாங்கினார்களா என்பது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. நாளைக்கு ஒருத்திக்கு ரேட்டிங் குறைந்தால், "நான் இரண்டாம் முறை புடவை வாங்கவில்லை, அதனால்தான்" என்று ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் எவ்வளவு நியாயமாக நடந்திருந்தாலும் நிரூபிக்க முடியாது.

இன்றே நிறுத்துங்கள். குரூப்பில் போட்ட படங்களை அழிக்க வேண்டாம், அது மறைத்த மாதிரி இருக்கும். "இனி ஆபீஸில் யாருக்கும் விற்பதாக இல்லை" என்று ஒரு வரி போடுங்கள். டிக்ளரேஷனிலும் அதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

பெருந்துறைஜவுளி (செவ்வாய், மதியம் 1:30)

எனக்கும் இதே கதைங்க. நான் பெட்ஷீட்டு, துண்டு வித்தேன். ஒரு தனியார் பேங்க்ல இருந்தேன், பேரு வேண்டாமுங்க. ஆபீஸ் லேப்டாப்புல வாட்ஸ்அப் வெப் திறந்து வச்சு ஆர்டர் எடுத்துட்டு இருந்தேன். கஸ்டமர் அட்ரஸ் எல்லாம் ஒரு எக்செல்லுல போட்டு என் ஜிமெயிலுக்கு அனுப்புவேன். ஒரு நாள் ஐ.டி. செக்யூரிட்டில இருந்து கூப்புட்டாங்க. இருநூறு பேர் பேரு, போன் நம்பர், அட்ரஸ் இருக்குற ஃபைலு வெளிய போகுதுன்னா அவங்க பேங்க் கஸ்டமர் டேட்டான்னு தானுங்க நினைப்பாங்க. துண்டு வாங்குனவங்க லிஸ்ட்டுன்னு புரிய வைக்கவே மூணு வாரம் ஆச்சு. எழுத்துல ஒரு வார்னிங். அந்த வருஷ இன்க்ரிமெண்ட்டு போச்சு.

அதனால ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் வைஃபை, ஆபீஸ் பிரிண்டர் மூணையும் தொடாதீங்க. கூரியர் பில்லைக்கூட அங்க பிரிண்ட் எடுக்காதீங்க. பிக்கப் அட்ரஸா ஆபீஸைக் குடுக்கவே கூடாது.

கோடிங்காளை (செவ்வாய், மதியம் 2:10)

சரி, 27 விஷயத்துல நான் தப்பு. ஆனா விப்ரோ 2022ல ஒரே அடியா 300 பேரைத் தூக்கினது மறந்துடுச்சா? உண்மையைச் சொன்னா தூக்க மாட்டாங்கன்னு என்ன கேரண்டி சார்?

முன்னாள்எச்ஆர் (செவ்வாய், இரவு 8:44)

கேரண்டி இல்லை தம்பி. ஆனால் அந்த 300 பேரும் போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை செய்தவர்கள் என்று அதன் தலைவரே சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ், மேலாளரும் எச்.ஆரும் முன்கூட்டி ஒப்புக்கொண்டால், போட்டி இல்லாத வெளிவேலையைச் சொந்த நேரத்தில் செய்யலாம் என்று ஊழியர்களுக்கு எழுதியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனிக்குக் கண் உறுத்துவது மூன்று: போட்டியாளருக்கு உழைப்பது, கம்பெனி நேரம், கம்பெனி தகவல். சுங்குடிக்கு முதலாவது கிடையாது. மற்ற இரண்டையும் சகோதரி தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஆம்" போட்டுவிட்டு வெறுமனே விட்டுவிடாதீர்கள். படிக்கிறவர் மனதில் கேள்வி எழும் முன் பதில் இருக்கட்டும். ஏறக்குறைய இப்படி:

"போன தை முதல், சொந்த நேரத்தில், இன்ஸ்டாகிராம் வழியாகப் பருத்திப் புடவைகள் விற்கிறேன். மாதம் சுமார் 30 புடவைகள். தனி உரிமையாளர் நான் மட்டுமே, ஊழியர் யாரும் இல்லை. கம்பெனியின் தொழிலோடோ வாடிக்கையாளரோடோ இதற்குத் தொடர்பில்லை. கம்பெனிப் பெயர், பொறுப்பு, கருவிகள், நெட்வொர்க் எதையும் பயன்படுத்துவதில்லை. அலுவலக நேரத்தில் ஆர்டர் எடுப்பதில்லை. தீபாவளியின்போது சக ஊழியர் ஆறு பேருக்கு விற்றேன், அவர்களில் இருவர் என் குழுவினர். அதை நிறுத்திவிட்டேன். தொடர அனுமதி கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு வரி இன்னும் உண்மை இல்லை. எது என்று உங்களுக்கே தெரியும்.

சுங்குடிப்பிரியை (செவ்வாய், இரவு 9:30)

"அலுவலக நேரத்தில் ஆர்டர் எடுப்பதில்லை."

பெருந்துறைஜவுளி (செவ்வாய், இரவு 10:20)

அந்த வரியை உண்மையாக்கறது கஷ்டமே இல்லீங்க அக்கா. நான் இப்ப வேற கம்பெனில, சொல்லிட்டே பண்றேன். முதல்ல விலையைப் போட்டோ மேலயே எழுதுங்க. "விலைக்கு டி.எம். பண்ணவும்"னு போட்டா ஒரு புடவைக்கு நாப்பது மெசேஜ் வரும், அதுல முப்பத்தஞ்சு பேரு வாங்கவே மாட்டாங்க.

அடுத்தது, தினமும் விக்காதீங்க. வாரத்துக்கு ஒரே தடவை. நான் பண்றது: சனிக்கிழமை காலைல மொட்டை மாடி நிழல்ல பத்துப் பன்னெண்டு பீஸ் போட்டோ எடுக்க மூணு மணி நேரம். அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு எல்லாத்தையும் ஒண்ணா போட்டு விடுவேன், பத்துக்குள்ள புக்கிங் முடிஞ்சுடும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பேக்கிங். திங்கக்கிழமை பிக்கப், பார்சலை வீட்டுல அம்மா குடுத்துருவாங்க. மத்த நாள்ல ராத்திரி அரை மணி நேரம் "பார்சல் எங்க"ன்னு கேக்கறவங்களுக்கு. கூட்டிப் பாருங்க, வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குள்ள வரும்.

வாட்ஸ்அப் பிசினஸ்ல கடை நேரம்னு ஒரு இடம் இருக்கு. அதுல இரவு 8 முதல் 9:30 வரைன்னு போட்டுட்டு, அவே மெசேஜை "கடை நேரத்துக்கு வெளியே"ன்னு வச்சுருங்க. பகல்ல யாரு மெசேஜ் பண்ணாலும் "இரவு 8 மணிக்கு மேல் பதில் வரும்"னு அதுவே சொல்லிரும். அடுத்து பேஜ் நோட்டிஃபிகேஷனைப் பகல்ல அணைச்சுருங்க. இதுதான் கஷ்டம். முதல் ரெண்டு வாரம் கை தானாப் போனை எடுக்கும்.

வியாபாரம் கொஞ்சம் குறையும், பொய் சொல்ல மாட்டேன். உடனே பதில் வேணும்கிறவங்க வேற பேஜுக்குப் போயிருவாங்க. எனக்கு அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சது.

சுங்குடிப்பிரியை (செவ்வாய், இரவு 10:41)

மூணு வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு வார இறுதி ஆன்-கால் ட்யூட்டி வரும். சனி ராத்திரி ரிலீஸ் இருந்தா?

பெருந்துறைஜவுளி (செவ்வாய், இரவு 10:48)

அந்த வாரம் கடைக்கு லீவுங்க. எட்டு மணிக்குப் புடவை போட்டுட்டு எட்டு அஞ்சுக்கு ஆபீஸ் போன் அடிச்சா ரெண்டு பக்கமும் கெட்ட பேரு. மாசத்துக்கு மூணு விற்பனைன்னு கணக்கு வச்சுக்கோங்க.

வகுப்பாசிரியர்72 (புதன், காலை 7:10)

நல்ல விவாதம். நான் அரசுப் பள்ளி ஆசிரியர். என் மனைவி வீட்டில் தைத்து, அதற்கு ஃபேஸ்புக் பக்கம் வைத்திருக்கிறார். பக்கம் அவர் பெயரில், வங்கிக் கணக்கும் அவருடையது. எனக்கும் இதே மாதிரி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கலாமா?

தபால்காரர்_திண்டுக்கல் (புதன், காலை 7:55)

ஆசிரியர் ஐயா, உங்கள் கேஸ் வேறு, இந்த அம்மாவின் கேஸ் வேறு. தனியார் கம்பெனியில் ஒப்பந்தம் பேசும். நமக்கு நடத்தை விதிகள் பேசும். உங்களுக்கு 1973ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள். நான் மத்திய அரசு, எனக்கு 1964ஆம் ஆண்டு விதிகள். என்னுடையதை மட்டும் நெட்டுருவாகச் சொல்வேன், ஏனென்றால் ஒரு முறை அதில் அடிபட்டேன்.

15ஆம் விதி. முன்அனுமதி இல்லாமல் நான் வியாபாரம் செய்யக்கூடாது. குடும்பத்தில் யாராவது செய்தால் அது குற்றமில்லை, ஆனால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வியாபாரத்துக்காக நான் ஆள் பிடித்தால் அது விதிமீறல். நான் அகப்பட்டது இந்தக் கடைசி விஷயத்தில்தான். வீட்டம்மாவின் மசாலாப் பொடிக்கு என் ஸ்டேட்டஸில் ஒரே ஒரு போட்டோ வைத்தேன். கவுண்டரில் வாடிக்கையாளரிடம் பொடி விற்கிறார் என்று ஒருவர் எழுதிப் போட்டுவிட்டார். விற்கவில்லை, ஆனால் ஸ்டேட்டஸ் வைத்தது உண்மை. விளக்கம் எழுதித் தப்பினேன்.

உங்கள் விதிப் புத்தகத்தில் அதற்கு நேரான பகுதியைப் பார்த்து, தலைமையாசிரியர் வழியாகத் தகவல் கடிதம் கொடுத்து, பெற்றதற்கு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பக்கத்தை நீங்கள் ஷேர் செய்யாதீர்கள். பெற்றோர் குரூப்பில் அறவே கூடாது.

கோடிங்காளை (புதன், காலை 10:15)

அப்ப அக்காவும் பேஜை அம்மா பேருக்கு மாத்திட்டா முடிஞ்சுது. "எனக்குத் தொழில் இல்லை"ங்கறது உண்மையாயிடும்.

முன்னாள்எச்ஆர் (புதன், காலை 11:40)

புடவை தேர்ந்தெடுப்பவர், போட்டோ எடுப்பவர், பதில் சொல்பவர் நீங்கள். பணம் வருவது உங்கள் கணக்குக்கு. பெயர் மட்டும் அம்மா. இதை விசாரணையில் பத்து நிமிஷத்தில் பிரித்துவிடலாம். பொய்யோடு ஏற்பாடும் சேர்ந்துகொள்ளும்.

பெருந்துறைஜவுளி (புதன், மதியம் 1:05)

இதுல சார்கிட்ட நான் ஒத்துப் போகலீங்க. பேக்கிங், பார்சல், பாதி மெசேஜ் அம்மா பண்றாங்க, பணமும் அவங்க கணக்குக்குப் போகுதுன்னா அது அம்மா கடைதானே? மக ஞாயித்துக்கிழமை ஒத்தாசை பண்ணினா தப்பா? நம்ம ஊர்ல எந்தக் கடையில புள்ளைங்க நிக்கல?

முன்னாள்எச்ஆர் (புதன், மதியம் 1:50)

உண்மையிலேயே அப்படி மாறினால் தப்பில்லை. லாபமும் முடிவும் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். டிக்ளரேஷனுக்காக ஒரே வாரத்தில் அப்படி ஆகாது என்பதுதான் என் சந்தேகம். பல கம்பெனிப் படிவங்களில் குடும்பத்தாரின் தொழிலையும் கேட்பார்கள், அதையும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை (புதன், இரவு 9:15)

எல்லாரும் எச்.ஆரைப் பற்றியே பேசுகிறீர்கள். மேடம், வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறீர்களா?

சுங்குடிப்பிரியை (புதன், இரவு 9:20)

மூணுல ஒரு பங்கு பெங்களூருக்குத்தான் போகுது. 40 லட்சம் வரைக்கும் ஜி.எஸ்.டி. வேண்டாம்னு சொன்னாங்களே?

கணக்குப்பிள்ளை (புதன், இரவு 9:48)

அந்த 40 லட்சம் தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பதற்கு. வேறு மாநிலத்துக்கு வரியுள்ள பொருளை விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை ஒரு சலுகை உண்டு. ஆனால் பட்டியலில் இருக்கும் கைவேலைப் பொருளாக இருக்க வேண்டும், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு பார்சலுக்கும் இ-வே பில் போட வேண்டும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடி வேறு, சுங்குடிப் புள்ளியை மெஷினில் அச்சடித்தது வேறு. உங்கள் சரக்கில் எது எவ்வளவு?

பதிவு செய்தால், பான் நம்பரை வைத்து ஜி.எஸ்.டி. தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். உங்கள் பான் பேரோல் பிரிவில் இருக்கிறது. "யாரு கண்டுபிடிப்பா" என்ற தம்பிக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

வருமான வரிக்கும் இனி சம்பளக்காரர்கள் போடும் ஐ.டி.ஆர்-1 ஆகாது. வாங்கி விற்பதால் அனுமான வருமான முறையில் ஐ.டி.ஆர்-4 போடலாம், யு.பி.ஐ.யில் வந்த வரவில் 6 சதவீதத்துக்குக் குறையாமல் லாபமாகக் காட்ட வேண்டும். குறைந்தபட்சம்தான் அது, உங்கள் கையில் நிற்பது அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலையே காட்டுங்கள். சம்பளம் வரும் கணக்கில் புடவைப் பணம் வாங்காதீர்கள், வருஷக் கடைசியில் பிரிக்க உட்கார்ந்தால் என்னைத் திட்டுவீர்கள்.

சுங்குடிப்பிரியை (வியாழன், காலை 6:30)

ராத்திரி தூக்கமே இல்லை, அலமாரியைத் திறந்து எண்ணிட்டு இருந்தேன். 41 பீஸ் இருக்கு. கை முடிச்சு 14 தான், மீதி அச்சு. பேஜ்ல எல்லாத்துக்கும் "சுங்குடி"ன்னே போட்டிருந்தேன், அதையும் மாத்தணும்.

சுங்குடிப்பிரியை (அடுத்த வாரம் புதன், இரவு 10:10)

கடிதத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தேன், "ஆம்" கட்டத்தில் டிக் பண்ணி. செவ்வாய்க்கிழமை எச்.ஆர். கூப்பிட்டாங்க, மேனேஜரும் இருந்தார். கை நடுங்கிச்சு. ஒரு வருஷத்துக்கு அனுமதி, அடுத்த வருஷம் மறுபடி கேக்கணும். ஆபீஸ்ல யாருக்கும் விக்கக்கூடாது, லிங்க்ட்இன்ல கம்பெனிப் பேரையும் பேஜையும் ஒண்ணா போடக்கூடாது. டீம் பொண்ணுங்க ரெண்டு பேர் விஷயத்தை அவங்க தனியாக் குறிச்சுக்கிட்டாங்க. இந்தத் தடவை அவங்க ரேட்டிங்கை இன்னொரு லீடும் சேர்ந்து பார்ப்பார். எனக்கு அது கொஞ்சம் உறுத்துது, ஆனா நியாயம்தான்.

மேனேஜர் முகம் மட்டும் சரியில்லை. "ஆன்-கால்ல போன் எடுக்கலைன்னா முதல்ல இதைத்தான் நினைப்பேன்"னு நேராவே சொல்லிட்டார். சொன்னது நல்லதா, "இல்லை" போட்டிருக்கலாமான்னு இன்னமும் சில ராத்திரி தோணுது.

பெங்களூர் ஆர்டரை நிறுத்தி வச்சிருக்கேன். அச்சுப் புடவைக்காகப் பதிவு செய்யலாமா, கை முடிச்சு மட்டும் வெளிமாநிலத்துக்குன்னு வச்சுக்கலாமான்னு ஆடிட்டர்கிட்ட கேட்டிருக்கேன். போன சனிக்கிழமை பன்னெண்டு பீஸ் போட்டேன், எட்டு போச்சு.

கோடிங்காளை (புதன், இரவு 10:32)

அக்கா, நான் "இல்லை"ன்னு போடச் சொன்னதைக் கேக்காம விட்டதுக்கு நன்றி. எனக்கும் ஒரு யூடியூப் சேனல் இருக்கு. போன மாசம் டிக்ளரேஷன்ல "இல்லை" போட்டுட்டேன். இப்பத் திருத்த முடியுமா சார்?

முன்னாள்எச்ஆர் (புதன், இரவு 10:50)

முடியும். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே போனால் திருத்தம், கேட்டபின் போனால் வாக்குமூலம். நாளைக்கே எச்.ஆருக்கு எழுதுங்கள்.

வகுப்பாசிரியர்72 (வியாழன், காலை 6:58)

தகவல் கடிதம் கொடுத்துவிட்டேன், நகலில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். நன்றி தபால்காரரே. ஒரு சந்தேகம். நான் போட்டிருக்கும் சட்டையே மனைவி தைத்தது. ஆசிரியர் அறையில் "யாரிடம் தைத்தீர்கள் சார்?" என்று கேட்டார்கள். பதில் சொன்னால் அது ஆள் பிடிப்பதா?

தபால்காரர்_திண்டுக்கல் (வியாழன், காலை 7:20)

"வீட்டில்" என்று சொல்லுங்கள். போன் நம்பர் கேட்டால் மணி அடித்துவிட்டது என்று வகுப்புக்குப் போய்விடுங்கள்.